அறுபது நாள் கணக்கு அறுபத்தொன்பது நாளானபோது

எங்கள் ஊர் மண்டபம் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த 61 நாளும் எங்கள் வீட்டில் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. அரசு தருகிற 8,000 ரூபாய் நிவாரணத்தையும் சீட்டுப் பணத்தையும் வைத்து ஓட்ட வேண்டிய நாட்கள். 2025-ல் சரியாக அந்த நேரத்தில்தான் கரண்டு பில்லில் மாட்டிக்கொண்டேன். கடைசியில் வீட்டில் பீஸைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளவே எனக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆனது. கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில் இதே மாதங்களில் இதே சிக்கல் வரும் என்று தெரிவதால் முழுவதையும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380, 400 யூனிட் என்றுதான் ஓடும். பில் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறுக்குள் அடங்கிவிடும். அந்த ஜூன் மாதம் 12-ஆம் தேதி மீட்டர் படிக்க வந்தவர் கையிலிருந்த கருவியைப் பார்த்து, "538 யூனிட்மா, 2,359 ரூபாய் வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அடுப்படியில் டப்பாவுக்குள் வைத்திருந்த பணம் மொத்தமே மூவாயிரம்தான். அத்தைக்கு சர்க்கரை, இன்சுலின் வாங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொன்னார்கள். "500 தாண்டிட்டா இலவச 100 யூனிட் போயிரும்" என்றார் ஒருவர். "மொத்த யூனிட்டுக்கும் எட்டு ரூபா நாப்பது காசு போடுவான்" என்றார் இன்னொருவர். அப்படிப் போட்டால் 4,500-க்கு மேல் வர வேண்டும், எனக்கு வந்ததோ 2,359. ஆக இரண்டுமே தப்பு என்று பட்டது. சரியான கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லைன்மேன் அண்ணன். திண்ணையில் உட்கார்ந்து என் பையனின் நோட்டில் எழுதியே காட்டினார்.

அவர் எழுதியதை அப்படியே சொல்கிறேன். 2024 ஜூலையில் வந்த விகிதம் அது, 2025-லும் வீடுகளுக்கு அதுவே இருந்தது. இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். இதுவரை படிப்படியாக ஏறுகிற ஏணிதான். ஆனால் 501-ஆவது யூனிட்டில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. அந்த யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு என்பது ஒன்று. 101 முதல் 200 வரைக்கும் கொடுத்த அரை விலைச் சலுகை பின்னோக்கிப் போய்ப் பறிக்கப்படுகிறது என்பது மற்றொன்று. அந்த 100 யூனிட்டுக்கும் 2.35 போய் 4.70 ஆகிவிடும். அதாவது 235 ரூபாய் ஒரே அடியில் ஏறும். இலவச 100 போகாது, எவ்வளவு எரித்தாலும் அது உண்டு. 500 யூனிட்டுக்கு 1,805 கட்டுகிறவர், 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு கட்ட வேண்டும். ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்.

"இந்த ஒரு படியில மட்டும் கால் வைக்காம பாத்துக்க தாயி, மத்ததெல்லாம் தாங்கிக்கிடலாம்" என்றார் அண்ணன். என் பில்லை அதன்படி போட்டுப் பார்த்தோம். முதல் 100 போக 300 யூனிட்டுக்கு 1,410. அடுத்த 100-க்கு 630. மீதி 38 யூனிட்டுக்கு 319 ரூபாய் 20 காசு. மொத்தம் 2,359.20. கணக்கில் ஒரு பைசா தப்பில்லை. அப்படியானால் 538 யூனிட் எப்படி வந்தது?

முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். கடல் காற்று உப்பு எங்கள் பக்கம் எல்லாவற்றையும் தின்றுவிடும். கம்பி, திருகாணி, மீட்டர் பெட்டியின் மூடி எதுவும் மிஞ்சாது. அண்ணன் ஒரு சோதனை சொன்னார். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் imp/kWh என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும், எங்கள் மீட்டரில் 3200. அதாவது 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மெயின் சுவிட்சை மட்டும் போட்டு வைத்துக்கொண்டு மீட்டர் முன்னால் நின்றேன். விளக்கு அசையவே இல்லை. வயரிங்கில் கசிவு இருந்தால் அப்போதும் மினுக்கிக்கொண்டிருக்கும் என்றார். ஆக, கசிவு கிடையாது.

அப்புறம் ஃப்ரிட்ஜை மட்டும் போட்டுக் கைபேசியில் நேரம் வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு 8 முறை மினுக்கியது. அரை மணி நேரம் நின்றேன், கொசுக்கடியோடு. மோட்டார் ஒரு முறைகூட ஓயவில்லை. நல்ல ஃப்ரிட்ஜ் ஓடும், ஓயும், மறுபடி ஓடும். எங்களுடையது கதவு ரப்பர் பிளந்து, பின்பக்கக் கம்பி முழுவதும் உப்புத் துரு ஏறி, இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 8 என்றால் மணிக்கு 480, நாள் முழுக்க ஓடினால் மூன்றரை யூனிட்டுக்கு மேல். எங்கள் ஒரு நாள் மொத்தச் செலவில் கிட்டத்தட்டப் பாதி. வருஷக்கணக்காக இது என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. தடைக்காலத்தில் வீட்டுக்காரரும் மைத்துனர்களும் பகலெல்லாம் வீட்டில் இருந்ததால் ஃபேனும் கூடுதலாக ஓடியது, கோடை வெயில் வேறு. ஆக, 538 யூனிட் எரிந்தது உண்மைதான். பொய் மீட்டரில் இல்லை.

ஆனாலும் இது பாதிக் கதைதான். மீதிப் பாதி தேதியில் இருந்தது. அண்ணன் மீட்டர் அட்டையை எடுத்துவரச் சொன்னார். அதில் முந்தின பதிவு ஏப்ரல் 4. இந்தப் பதிவு ஜூன் 12. விரல் விட்டு எண்ணினார். ஏப்ரலில் 26, மேயில் 31, ஜூனில் 12. மொத்தம் 69 நாள். இரண்டு மாதம் என்பது 60 நாள், ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். எனக்கு ஒன்பது நாள் கூடுதலாக ஓடியிருந்தது. ஆனால் 100 இலவசமும் 500 வரம்பும் அந்த ஒன்பது நாளுக்காக நீளவில்லை.

இதில் என்ன நஷ்டம், கூடுதலாக எரித்ததற்குத்தானே கட்டுகிறோம், அடுத்த பில் குறைந்துவிடுமே என்று நானும் கேட்டேன். அடுத்த பில் வந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அடுத்த முறை ஆகஸ்ட் 4-ஆம் தேதி படித்தார்கள், 53 நாள்தான். 330 யூனிட், 846 ரூபாய். இரண்டு பில்லும் சேர்த்து 868 யூனிட்டுக்கு நான் கட்டியது 3,205 ரூபாய் 20 காசு. ஜூன் 3-ஆம் தேதியே, 60 நாளில் படித்திருந்தால், சராசரிப்படி முதல் பில் 468 யூனிட்டாகவும் அடுத்தது 400 யூனிட்டாகவும் வந்திருக்கும். முதலாவது 1,603 ரூபாய் 40 காசு, இரண்டாவது 1,175. கூட்டினால் 2,778 ரூபாய் 40 காசு. எரித்தது அதே 868 யூனிட்தான், ஆனால் 426 ரூபாய் 80 காசு அதிகம் போயிருக்கிறது. அதில் 235 ரூபாய் பறிபோன அரை விலைச் சலுகை. மீதி, 4.70-க்கு அடங்கியிருக்க வேண்டிய யூனிட்டுகள் 6.30-க்கும் 8.40-க்கும் ஏறியதால் வந்தது. தாமதமாகப் படிப்பது எல்லாருக்கும் இப்படி வலிக்காது. 250 யூனிட் எரிக்கிறவருக்கு ஒன்பது நாளில் பெரிய வித்தியாசம் வராது. 435-லிருந்து 500 வரை வழக்கமாக எரிக்கும் வீடுகளைத்தான் அது பள்ளத்தில் தள்ளும்.

ஆனால் ஜூனில் எனக்கு இந்தக் கணக்கு முழுதாகத் தெரியாது. 69 நாள் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு 16-ஆம் தேதி திங்கட்கிழமை பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, வெயிலில். மனுவை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்குப் படிக்க ஆள் போதவில்லை, விடுமுறை வந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். "பாக்கிறோம்மா" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பில்லைக் கட்டாமல் இருந்துவிட்டேன். திருத்தின பில் வரும், அப்போது கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பணமும் இல்லை என்பதால் அந்த நினைப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது. எல்லாவற்றிலும் பெரிய தப்பு இதுதான். மனு கொடுத்தால் கெடு தேதி நிற்காது. படித்த நாளிலிருந்து 20-ஆவது நாள் கெடு, என் பில்லுக்கு ஜூலை 2. மனு மனு பாட்டுக்குப் போகும், கெடு கெடு பாட்டுக்கு வரும். முதலில் கட்டிவிட்டு, கட்டிய ரசீது எண்ணையும் மனுவில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஏதாவது குறைத்தால் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

கெடு தேதியை எனக்கு ஞாபகப்படுத்த குறுஞ்செய்தி வந்திருக்க வேண்டும். வந்திருக்கிறது, ஆனால் என் கைக்கு வரவில்லை. இணைப்பில் பதிந்திருந்தது வீட்டுக்காரருடைய பழைய சிம் எண். அது காலாவதியாகி இரண்டு வருஷம். ஜூலை 4 வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ரேஷன் கடையில் நின்றபோது வந்து பீஸைப் பிடுங்கிவிட்டார்கள். அத்தை மட்டும்தான் வீட்டில். பிள்ளை ஓடிவந்து சொன்னான். தெருவே பார்த்திருக்கிறது. அந்த அவமானம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் கடலில் இருந்தார், கைபேசி எட்டவில்லை. பக்கத்து வீட்டு மதினியிடம் ஆயிரம் வாங்கி, இருந்ததோடு சேர்த்து, தாமதக் கட்டணமும் மறு இணைப்புக் கட்டணமும் கூட்டிக் கட்டினேன். அந்தக் கூடுதல் தொகை பெரிதில்லை. ஆனால் கட்டிய உடனே கரண்டு வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. கட்டினதை அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னால்தான் ஆள் அனுப்புவார்கள். எனக்கு அது மாலை நாலு மணிக்குத்தான் தெரிந்தது. இரவு எட்டு மணிக்கு வந்து போட்டார்கள். அதற்குள் விற்கவென்று எடுத்து வைத்திருந்த நாலு கிலோ இறால் நாறிப்போனது. அத்தையின் இன்சுலினை மதினி வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைத்ததால் அது மட்டும் தப்பியது. வீட்டில் இன்சுலின் இருக்கிறவர்கள் கெடு தேதியை மருந்துச் சீட்டோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

மனுவுக்கு என்ன ஆயிற்று என்றால், மீட்டரில் ஓடிய யூனிட் சரியாகவே இருப்பதால் குறைக்க முடியாது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. இதற்கு மேல் போக வேண்டுமானால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அங்கே எழுத்தில் கொடுக்கலாம் என்று அண்ணன் சொன்னார். 426 ரூபாய்க்காக அலைந்தால் பஸ் காசே அதைத் தின்றுவிடும் என்று நான் விட்டுவிட்டேன். விட்டது சரிதானா என்று இப்போதும் எனக்கு முடிவாகச் சொல்ல முடியவில்லை. ஆளுக்கு நானூறு, எங்கள் தெருவில் எத்தனை வீடு?

இன்னொரு பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டின் முன்னறையில் மைத்துனர் கயிறு, மிதவை, வலை நூல் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார், அதற்குத் தனியாக வணிக இணைப்பு. தடைக்காலம் முழுக்கக் கடை பூட்டியிருந்தது. மீட்டரில் ஒரு யூனிட்கூட ஓடவில்லை. ஆனாலும் நானூற்றுச் சொச்சம் பில். அவர் சண்டைக்கே கிளம்பிவிட்டார். அது நிலைக்கட்டணம். வீட்டு இணைப்புக்கு 2022 செப்டம்பர் மாற்றத்தோடு நிலைக்கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது, அதனால் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோனது. வணிக இணைப்பில் அது தொடர்கிறது. எவ்வளவு எரித்தோம் என்று பார்ப்பதில்லை, எத்தனை கிலோவாட் பளு கேட்டு வாங்கினோம் என்று பார்க்கிறார்கள். 2022-ல் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்று வைத்தார்கள், பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. கடைக்கு 2 கிலோவாட் வாங்கியிருந்தோம், இரண்டு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். கடையில் இருப்பது இரண்டு லைட், ஒரு ஃபேன், தராசு. எந்தக் காலத்திலோ ஐஸ் பெட்டி வைக்கலாம் என்று கேட்டு வாங்கிய பளு. பளுவைக் குறைக்க விண்ணப்பம் கொடுத்து ஒரு கிலோவாட் ஆக்கினோம். நிலைக்கட்டணம் பாதியாகிவிட்டது. வணிக இணைப்பு வைத்திருப்பவர்கள் உங்கள் பில்லில் பளு எவ்வளவு என்று போட்டிருக்கிறது, உள்ளே உண்மையில் என்ன ஓடுகிறது என்று ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். மீட்டர் படித்த அன்றே திரையில் kWh என்று காட்டும் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். திரையில் தேதி, நேரம், வேறு எண்கள் எல்லாம் மாறி மாறி வரும், kWh வரும் வரை காத்திருந்து எடுக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 60-ஆவது நாளை நாட்காட்டியில் வட்டம் போடுகிறேன். 500-ஐ 60-ஆல் வகுத்தால் எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல் வரும், அதனால் நாளுக்கு எட்டு என்பதே என் எல்லை. ஞாயிறுதோறும் எண்ணைப் பார்த்து, வாரத்துக்கு 56-ஐத் தாண்டினால் எங்கே ஓடுகிறது என்று தேடுகிறேன். 57-ஆவது நாள் ஆகியும் யாரும் வரவில்லை என்றால் பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்து, "இன்னும் மூணு நாளில் அறுபது நாள் ஆகுது, படிக்க ஆள் அனுப்புங்க" என்று சொல்கிறேன். அங்கே எடுக்கவில்லை என்றால் மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது, 24 மணி நேரமும் புகார் பதியலாம், புகார் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிந்த கைபேசி எண்ணையும் என்னுடையதாக மாற்றிவிட்டேன்.

ஃப்ரிட்ஜுக்குப் புது ரப்பர் போட்டு, பின்பக்கக் கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். இப்போது ஓடிவிட்டு ஓய்கிறது, நின்று எண்ணிப் பார்த்தேன். அக்டோபர் 3-ஆம் தேதி, சரியாக 60-ஆவது நாள், படிக்க வந்தார்கள். 392 யூனிட். அவர் தொகையைச் சொல்லும் முன்பே என் நோட்டில் 1,137 ரூபாய் 40 காசு என்று எழுதி வைத்திருந்தேன். அவர் கருவியும் அதையே காட்டியது.